குப்பை என்றால் என்ன என்று சட்டத்தில் எழுதப் போனபோது

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். சென்ற ஆண்டு வேறொரு ஊரில் உள்ள ஒரு கல்லூரி, மாதிரிச் சட்டம் எழுதும் போட்டி ஒன்றை நடத்தியது. முழுச் சட்டமும் எழுத வேண்டியதில்லை. ஒரு கற்பனை மாநிலம், அதன் சட்டமன்றத்தில் பொது இடத்தில் குப்பை போடுவதைத் தடுக்க ஒரு சிறிய சட்டமுன்வடிவு வரப்போகிறது. அதில் வரையறைப் பிரிவையும் குற்றங்கள் பிரிவையும் மட்டும் எழுதித் தர வேண்டும். அப்புறம் நான்கு நடுவர்கள் சட்டமன்றக் குழு போல உட்கார்ந்து 45 நிமிடம் கேள்வி கேட்பார்கள். தமிழிலும் எழுதலாம் என்று விதிமுறையில் இருந்ததைப் பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். இரண்டே பிரிவுதானே, அதுவும் குப்பை, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கையில் 19 நாள் இருந்தது. இருவர் சேர்ந்து எழுதும் போட்டி அது. மூன்றாம் நாளே என் தோழியின் பாட்டியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள், அவளால் வர முடியவில்லை. தனியாகவே தொடர்ந்தேன். நுழைவுக் கட்டணம் 1,200 ரூபாய், ரயிலுக்குப் போக வர 740, ஓர் இரவு தங்க 900, அச்சடித்து பைண்டிங் செய்ய 420. மொத்தம் 3,260 ரூபாய். வீட்டில் கேட்டு வாங்கிய பணம். பணத்தைவிட அந்த 19 நாளில் 11 நாளை நான் செலவழித்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது. முன்னமே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த 11 நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்த 11 நாளும் நான் வரையறைகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான சட்டங்களைத் திறந்தால் 2ஆம் பிரிவு வரையறை, குற்றமும் தண்டனையும் அதற்கெல்லாம் பின்னால். அதனால் எழுதும் வரிசையும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை வைத்துக்கொண்டு அதில் வரும் வரையறைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினேன். மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு, உள்ளாட்சி அமைப்பு, கழிவு உருவாக்குபவர் என்று போய்க்கொண்டே இருந்தது. 23 வரையறை சேர்ந்ததும் பெரிய வேலை முடிந்த நிம்மதி. குற்றப் பிரிவை கடைசி நான்கு நாளில்தான் எழுதினேன்.

போட்டி அன்று நடுவர்களில் ஒருவர், அரசின் சட்டத் துறையில் சட்டமுன்வடிவுகள் எழுதி ஓய்வு பெற்றவர், என் தாளைப் புரட்டிவிட்டு முதல் கேள்வி கேட்டார். "ஏம்மா, 23 வரையறை கொடுத்திருக்கே. இதுல எத்தனை சொல் உன்னோட 3ஆம் பிரிவுல வருது?" எண்ணிப் பார்த்தேன். ஆறு. மீதி 17 சொல்லும் சட்டத்தில் எங்குமே வரவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வராத சொல்லுக்கு வரையறை எழுதினா, நாளைக்கு ஒரு வக்கீல் அதைக் காட்டி, சட்டமன்றம் இதை ஏதோ காரணத்தோடதான் வச்சிருக்குன்னு வாதாடுவார்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. முதல் இரண்டு நிமிடத்திலேயே 11 நாள் உழைப்பு போய்விட்டது.

அன்று எனக்கு உறைத்தது இதுதான். சட்டத்தில் வரையறை என்பது அகராதி இல்லை. குற்றப் பிரிவில் ஒரு சொல்லைப் பயன்படுத்தி, அந்தச் சொல்லின் வழக்கமான பொருள் நமக்குப் போதவில்லை என்றால் மட்டும்தான் வரையறை தேவை. ஆகவே முதலில் எழுத வேண்டியது குற்றம். யார், எங்கே, என்ன செய்தால் குற்றம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அந்த வாக்கியத்தில் எந்தச் சொல் சண்டையைக் கிளப்பும் என்று பார்த்து அதற்கு மட்டும் வரையறை எழுதுங்கள். சட்டப் புத்தகத்தில் வரையறை முன்னால் இருப்பது படிப்பவர் வசதிக்காகத்தான்.

நான் எழுதிய வீணான வரையறைகளில் 'நபர்' என்பதும் ஒன்று. நிறுவனம், சங்கம், கூட்டமைப்பு எல்லாம் அடங்கும் என்று ஐந்து வரி எழுதியிருந்தேன். கற்பனை மாநிலத்துக்கு 1897ஆம் ஆண்டின் பொதுச் சட்டக்கூறுகள் சட்டம் பொருந்தும் என்று போட்டிக் குறிப்பிலேயே இருந்தது. அதன் 3ஆம் பிரிவின் 42ஆவது உட்கூறு இதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதேபோல ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விலக்கு என்று தனியாக ஒரு பத்தி வைத்திருந்தேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு அதைச் சொல்கிறது, அந்தப் பொது விலக்குகள் மற்றச் சட்டங்களின் குற்றங்களுக்கும் பொருந்தும். ஏற்கெனவே இருப்பதை நாம் வேறு சொற்களில் திரும்ப எழுதினால், இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வழக்கு வரும். எழுத உட்காரும் முன் இந்த இரண்டு சட்டங்களையும் அரை நாள் செலவழித்துப் படித்துவிடுங்கள், பாதி வரையறை தானாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்து 'குப்பை'. என் வரையறை இப்படி இருந்தது: "குப்பை என்பது காகிதம், நெகிழி, உணவுக் கழிவு, கண்ணாடி, துணி ஆகியவற்றைக் குறிக்கும் மற்றும் உள்ளடக்கும்." குறிக்கும் என்று போட்டால் பட்டியலோடு முடிந்துவிடும், உள்ளடக்கும் என்றும் சேர்த்தால் இன்னும் அகலமாகும், இரண்டையும் போட்டால் எல்லாமே வந்துவிடும் என்பது என் கணக்கு. அந்த நடுவர் கேட்டார், "கட்டட இடிபாடு இதுல வருதா?" வரும் என்றேன். "எப்படி?" 'உள்ளடக்கும்' என்று இருக்கிறதே என்றேன். அவர் உடனே 1995ஆம் ஆண்டின் காசிலிங்கம் வழக்கைச் சொன்னார்.

அந்த வழக்கை நான் படித்ததே இல்லை. திரும்பி வந்து தேடிப் படித்தேன். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் கோயம்புத்தூர் பொறியியல் கல்லூரி ஒன்றுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. விதிகளில் 'கல்லூரி' என்ற சொல்லுக்கு, குறிக்கும் என்றும் உள்ளடக்கும் என்றும் இரண்டும் சேர்த்து ஒரு பட்டியல் இருந்தது. கலை அறிவியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, உடற்கல்விக் கல்லூரி, இசைக் கல்லூரி எல்லாம் இருந்தன, பொறியியல் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அந்தப் பட்டியலோடு முடிந்தது, வேறெதற்கும் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொறியியல் கல்லூரி வெளியே நின்றது. என் குப்பைப் பட்டியலிலும் இடிபாடு இல்லை. ஆக ஒரு லாரி செங்கல் தூளைக் கண்மாயில் கொட்டுபவர் என் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. மிட்டாய்த் தாளைப் போட்ட பையன் மாட்டிக்கொள்வான்.

இதில் கைக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. எல்லை கட்ட வேண்டும் என்றால் 'குறிக்கும்' மட்டும். சொல்லின் வழக்கமான பொருளை வைத்துக்கொண்டு, சந்தேகமான சிலவற்றை உள்ளே இழுக்க வேண்டும் என்றால் 'உள்ளடக்கும்' மட்டும். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. குப்பை என்றால் இன்ன இன்ன என்று அந்தச் சட்டம் பட்டியல் போடவில்லை, வழக்கமான பொருளுக்கே விட்டுவிட்டது. 2005இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, சிகரெட் துண்டும் சூயிங்கம் போன்ற மெல்லும் பொருள்களின் சக்கையும் உள்ளடங்கும் என்று சேர்த்தார்கள். அவ்வளவு சின்னதும் குப்பையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, சந்தேகம் வரும் இடத்துக்கு மட்டும் 'உள்ளடக்கும்'.

மூன்றாவது அடி 'பொது இடம்'. இது தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் எழுதியது: "பொது இடம் என்பது பொதுமக்கள் புழங்கும் தெரு, பூங்கா, பேருந்து நிலையம், நீர்நிலை, காலிமனை ஆகியவற்றைக் குறிக்கும்." படிக்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. இன்னொரு நடுவர், வழக்கறிஞர், கேட்டார். "பொதுமக்கள் புழங்கும் என்ற அடைமொழி தெருவுக்கு மட்டுமா, காலிமனை வரைக்குமா?" தமிழில் பெயரெச்சம் முன்னால் நின்றுவிடும், எதுவரை போகிறது என்று அது காட்டாது. தெருவுக்கு மட்டும் என்றால், சுவர் கட்டிப் பூட்டிய என் சொந்த மனையும் பொது இடம் ஆகிவிடுகிறது, அதில் நான் சருகைக் குவித்தாலும் குற்றம். கடைசி வரை போகிறது என்றால், ஊரிலேயே அதிகக் குப்பை விழும் இடமான, யாரும் உள்ளே போகாத முள் மண்டிய மனை சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஆள் புழங்காத இடம் என்பதால்தானே அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்! இரண்டில் எந்தப் பொருளை எடுத்தாலும் நான் எழுதியது தப்பு.

நான் இரண்டும் இல்லை, நடுவில் ஏதோ என்று சொல்லப் பார்த்தேன். சொன்னது எனக்கே புரியவில்லை. கண் கலங்கிவிடுமோ என்று தண்ணீர் எடுத்துக் குடித்தேன். 45 நிமிடத்தில் 20கூட ஆகவில்லை.

இதற்குத் தீர்வு சொல் மாற்றுவதில் இல்லை, வாக்கியத்தை உடைப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு இடத்தையும் தனித்தனி உட்கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் அடைமொழியை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். நான் பிறகு திருத்தி எழுதியது இது:

"பொது இடம் என்பது கீழ்க்காண்பவற்றைக் குறிக்கும்: (அ) தெரு, சாலை, நடைபாதை, (ஆ) பொதுமக்கள் கட்டணம் செலுத்தியோ செலுத்தாமலோ நுழையக்கூடிய வேறு எந்த இடமும், (இ) ஆறு, கண்மாய், குளம், வாய்க்கால், வடிகால் ஆகியவையும் அவற்றின் கரைகளும், (ஈ) தனியாருக்குச் சொந்தமான காலிமனை, அதன் உரிமையாளரோ அவரது அனுமதி பெற்றவரோ அல்லாத ஒருவரைப் பொறுத்த வரை."

நான்காவது உட்கூறைப் பாருங்கள். ஒரே மனை எனக்குப் பொது இடம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொது இடம். இப்படி எழுதலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. தமிழில் எழுதும் எவரும் தாளை முடித்ததும், 'உம்', 'கின்ற', 'ஆன', 'உள்ள' என்று முடியும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போட்டு, அது எந்தப் பெயரோடு நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். இருவர் இரண்டு பதில் சொன்னால் அந்த வரியை உடைத்தாக வேண்டும்.

அப்புறம்தான் குற்றப் பிரிவு வந்தது. நான் எழுதியது: "எவரும் பொது இடத்தில் குப்பை போடக் கூடாது. மீறுபவர்களுக்கு ஆறு மாதச் சிறையும் 5,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படும்." கடுமையாக இருந்தால்தான் பயப்படுவார்கள் என்று மனதார நம்பி எழுதினேன். எங்கள் தெருமுனையில் தினமும் குப்பை அள்ளும் அக்கா கையில் கண்ணாடி கிழித்துத் தையல் போட்டதைப் பார்த்தவள் நான். அந்தக் கோபம் முழுக்க அந்த வரியில் இருந்தது.

நடுவர் கேட்டார், "ஆறு மாசம் எதுக்கு?" சிறை இருந்தால்தான் போலீஸ் உடனே பிடிக்க முடியும் என்றேன். அவர் குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையைப் பார்க்கச் சொன்னார். அதன் இரண்டாம் பகுதி மற்றச் சட்டங்களின் குற்றங்களைப் பற்றியது. சட்டம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மூன்று ஆண்டுக்குக் குறைந்த சிறைக்குரிய குற்றமும் அபராதம் மட்டும் உள்ள குற்றமும் அங்கே ஒரே வரியில் இருக்கின்றன. இரண்டிலும் பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. நான் சேர்த்த ஆறு மாதம் கைது அதிகாரத்தில் ஒரு துளி கூடக் கூட்டவில்லை. அது மாற்றுவது வழக்குத் தொடரும் கால வரம்பைத்தான். அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு. குப்பை வழக்கில் ஆறு மாதம் கழித்து யார் சாட்சி சொல்லப் போகிறார்கள்?

தெருவில் உண்மையாக வரும் சிக்கல் வேறு. சுகாதார ஆய்வாளர் ஒருவரைப் பிடித்துப் பெயர் கேட்கிறார். பிடிபட்டவர் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். போலீஸ்காரர் கண் முன்னால் நடந்து, பெயர் சொல்ல மறுத்தால், பெயரும் முகவரியும் தெரியும் வரை அவரைப் பிடித்து வைக்க அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39ஆம் பிரிவு வழி தருகிறது. சுகாதார ஆய்வாளர் போலீஸ் இல்லை. ஆக இந்தச் சட்டத்துக்குத் தேவைப்பட்டது சிறை இல்லை, அதிகாரம் பெற்ற அலுவலர் கேட்கும்போது பெயரும் முகவரியும் சொல்ல மறுப்பதைத் தனிக் குற்றமாக்கும் ஒரு சிறு உட்பிரிவு. அது என் தாளில் இல்லவே இல்லை.

அபராதத்திலும் தவறு இருந்தது. "5,000 ரூபாய் விதிக்கப்படும்" என்று எழுதினால் நீதித்துறை நடுவருக்குக் குறைக்கவும் வழியில்லை, கூட்டவும் வழியில்லை. "5,000 ரூபாய் வரை" என்று எழுத வேண்டும். அந்த ஒரு சொல்லை விட்டதில் டீ கப் போட்டவரும் ஹோட்டல் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டியவரும் ஒரே தட்டில் வந்துவிட்டார்கள். எடையை வைத்துப் பிரிக்கலாமே என்று பதில் சொன்னேன். "தெருவுல யார் தராசு தூக்கிட்டு வருவாங்க?" என்று வழக்கறிஞர் கேட்டார். சரியான கேள்வி. சம்பவ இடத்தில் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்லக்கூடியதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வண்டியில் ஏற்றி வந்ததா, கடை அல்லது கட்டட வேலையில் உண்டானதா என்பதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

இன்னொன்று, "மறுமுறை செய்தால் இரட்டிப்பு" என்று ஒரு வரி வைத்திருந்தேன். மறுமுறை என்றால் எது? முதல் தடவை பிடிபட்டவர் அங்கேயே இணக்கக் கட்டணம், அதாவது ஸ்பாட் ஃபைன், கட்டிவிட்டுப் போயிருந்தால், அவர் நீதிமன்றத்துக்கே போகவில்லை, குற்றவாளி என்று தீர்ப்பும் இல்லை. அடுத்த முறை அவர் மறுமுறை செய்தவரா இல்லையா? ஸ்பாட் ஃபைனும் வைத்து, மறுமுறைத் தண்டனையும் வைப்பவர்கள் இதை வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் நூறு தடவை கட்டினாலும் அவருக்கு எப்போதும் முதல் தடவைதான்.

கடைசிச் சுற்றில் சூழ்நிலை அட்டைகள் வைத்திருந்தார்கள். நான் எடுத்த அட்டையில் ஒரே வரி: "ஆயுத பூஜை அன்று கடை வாசலில் பூசணிக்காய் உடைக்கிறார்." என் சட்டப்படி பூசணிக்காய் உணவுக் கழிவா? உடைத்தவர் அதைக் கழிவாக நினைக்கவில்லை, திருஷ்டி கழித்தார். சவ ஊர்வலத்தில் எறியும் பூ? காக்கைக்கு வைத்த சோறு? என்னால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. பொருளைப் பார்த்துக் குப்பையா என்று தீர்மானிக்கப் பார்த்ததுதான் என் அடிப்படைத் தவறு என்று அப்போதுதான் புரிந்தது. பாதி நீர் இருக்கும் பாட்டில் கையில் இருக்கும்வரை குப்பை இல்லை. அதையே பஸ் நிறுத்தத்தில் வைத்துவிட்டு ஏறிப் போனால் குப்பை.

14 பேரில் 12ஆவதாக வந்தேன். ரயிலில் மேல் படுக்கையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எழுதியது தப்பு என்பதைவிட, அந்த அக்காவுக்காக எழுதிய சட்டம் அவருக்கு ஒரு உதவியும் செய்யாது என்பதுதான் தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தேன். இந்த முறை முதலில் குற்றம். இங்கிலாந்துச் சட்டத்தின் 87ஆம் பிரிவில், எறிவது, போடுவது, வேறு வகையில் இடுவது என்பதோடு 'அதை விட்டுச் செல்வது' என்பதும் சேர்ந்தால்தான் குற்றம் முழுமையாகிறது. அந்த அமைப்பு எனக்குப் பொருந்தியது:

"3. (1) எவரொருவர் பொது இடத்தில் எந்தப் பொருளையேனும் எறிந்து, அல்லது கீழே போட்டு, அல்லது வேறு வகையில் இட்டு, அதை அங்கேயே விட்டுச் செல்கிறாரோ, அவர் 500 ரூபாய் வரை நீடிக்கக்கூடிய அபராதத்துக்கு உள்ளாவார். (2) அப்பொருள் வண்டியில் ஏற்றிவரப்பட்டதாகவோ, வணிகத்தில் அல்லது கட்டட வேலையில் உண்டானதாகவோ இருந்தால், அபராதம் 25,000 ரூபாய் வரை நீடிக்கலாம். (3) குப்பைக்கென வைக்கப்பட்ட தொட்டியில் இடுவதும், சட்டத்தின்படியோ உள்ளாட்சி அமைப்பின் அனுமதியின்படியோ இடுவதும் குற்றமாகா."

இதில் 'குப்பை' என்ற சொல்லுக்கு வரையறையே வேண்டியிருக்கவில்லை. பெயர் சொல்ல மறுப்பதற்கான உட்பிரிவையும் சேர்த்த பிறகு, வரையறை எழுதியவை மூன்றுதான்: பொது இடம், அதிகாரம் பெற்ற அலுவலர், பொருள். 'பொருள்' என்பதற்கு மட்டும் 'உள்ளடக்கும்' போட்டு, சிகரெட் துண்டும் வெற்றிலை பாக்குச் சக்கையும் சேர்த்தேன். எச்சில் துப்புவதைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் அதற்குப் புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் தடுக்கும் 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. ஒரே செயலை இரண்டு சட்டம் குற்றமாக்கினால் எதன்கீழ் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், இரண்டிலும் தண்டிக்க முடியாது என்று பொதுச் சட்டக்கூறுகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க அதை இங்கே திரும்ப எழுதித் தண்டனையில் குழப்பம் உண்டாக்க நான் விரும்பவில்லை.

ஒரு கேள்வியில் நீண்ட நாள் தடுமாறினேன். 'வேண்டுமென்றே' என்று சேர்ப்பதா வேண்டாமா? சேர்த்தால் ஒவ்வொரு வழக்கிலும் மன எண்ணத்தை நிரூபிக்க வேண்டும், பையிலிருந்து தானாக விழுந்தது என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். சேர்க்காவிட்டாலும், சட்டம் வெளிப்படையாக விலக்காதவரை குற்ற எண்ணம் தேவை என்றுதான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. 1965இன் நாதுலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. ஆகவே பேசாமல் விட்டால் பிரச்சினை தீரும் என்று நினைக்க வேண்டாம். நான் நடுவழியாக, "விழுந்ததை அறியாதிருந்ததை நிரூபிப்பது விட்டுச் சென்றவரின் பொறுப்பு" என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறேன். 500 ரூபாய் அபராதத்துக்கு இந்தச் சுமை நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறை இருந்தால் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

எழுதியதைப் பேராசிரியர்களிடம் காட்டும் முன் சித்தப்பாவின் டீக்கடைக்கு எடுத்துப் போனேன். இதை எல்லாருக்கும் சொல்வேன். சட்டம் படிக்காத, ஆனால் அந்தச் சட்டத்தில் மாட்டக்கூடிய ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் சித்தப்பா கேட்டார், "தாயி, கப்பைப் போடுறது கஸ்டமரு. என் கடைக் கப்புதானே, அப்ப வியாபாரத்துல உண்டானதுன்னு 25,000 அவருக்கா எனக்கா?" நான்கு நடுவர்களும் கேட்காத கேள்வி அது. அன்றிரவே இரண்டாம் உட்பிரிவை, "தம் வணிகத்தில் உண்டானதை, தாமோ தம் வேலையாள் மூலமோ" என்று மாற்றினேன். இப்போது கப்பைப் போடுகிறவருக்கு 500, கடைக்காரர் கூடையில் சேர்ந்த கப்பை வாய்க்காலில் கவிழ்த்தால் 25,000 வரை.

பூசணிக்காயைப் பற்றியும் கேட்டேன். வழக்கத்துக்கு விலக்கு கொடுக்கலாமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சித்தப்பா யோசிக்கவே இல்லை. போன வருஷம் ராத்திரி பூசணிச் சதையில் பைக் வழுக்கி விழுந்ததில் அவர் முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. "உடைக்கட்டும், உடைச்சவனே ஓரமா ஒதுக்கிட்டுப் போகட்டும்" என்றார். அதைத்தான் 'விட்டுச் செல்கிறாரோ' என்ற சொல் ஏற்கெனவே சொல்கிறது என்று நினைத்து விலக்கு எழுதவில்லை. ஆனால் ஓரமாக ஒதுக்கினாலும் அது தெருவில்தானே கிடக்கிறது, தெருவின் ஓரமும் தெருதானே என்று மறுநாள் தோன்றியது. 'ஓரம்' என்பதற்கு என்ன எழுதுவது என்று நோட்டில் நான்கு விதமாக எழுதி அடித்து வைத்திருக்கிறேன்.